தேய்மான நிதி முறை: பழைய வண்டி போகும்போது புதிய வண்டிக்குப் பணம்

தேய்மானம் எழுதுவதால் மட்டும் ஒரு நிறுவனத்தின் கையில் பணம் சேர்ந்துவிடாது. ஓர் இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய் தேய்மானம் என்று இலாப நட்டக் கணக்கில் எழுதினால், அந்த ஆண்டின் இலாபம் ஒரு லட்சம் குறைந்து தெரியும். உரிமையாளர்கள் அந்த ஒரு லட்சத்தை இலாபம் என்று எண்ணி எடுத்துச் செல்லமாட்டார்கள். பணம் நிறுவனத்துக்குள்ளேயே தங்கும். ஆனால் தங்கிய பணம் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது கச்சாப் பொருளாகவோ, வாடிக்கையாளர்களிடம் நிற்கும் கடனாகவோ, கட்டி முடித்த புதிய கூடமாகவோ மாறியிருக்கும். இயந்திரம் ஓய்ந்துபோகும் நாளில் கணக்கில் தேய்மானம் முழுதும் எழுதப்பட்டிருக்கும், மாற்று வாங்கப் பணம் இருக்காது.

இந்த இடைவெளியை அடைப்பதற்காக வந்ததுதான் தேய்மான நிதி முறை. மூழ்கு நிதி முறை என்றும் இது வழங்கும். ஒவ்வோர் ஆண்டும் தேய்மானமாக எழுதும் அதே தொகையை வங்கியிலிருந்து எடுத்துத் தொழிலுக்கு வெளியே முதலீடு செய்ய வேண்டும் என்பது இதன் விதி. அந்த முதலீடு ஈட்டும் வட்டியையும் செலவழிக்காமல் மறுபடியும் முதலீட்டிலேயே சேர்க்க வேண்டும். சொத்தின் ஆயுள் முடியும்போது தவணைகளும் வட்டியும் வட்டிக்கு வட்டியும் சேர்ந்து, தேவையான தொகைக்குச் சரியாக வந்து நிற்கும். கணக்கில் எழுதுவது ஒரு கால், பணத்தை வெளியே வைப்பது இன்னொரு கால். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் முறை நடக்காது.

ஆண்டுத் தவணை எவ்வளவு என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. ஒரு பால் கொள்முதல் நிலையம் கிராமங்களில் பால் எடுக்க ஒரு சரக்கு வண்டி வாங்குகிறது என்று கொள்ளலாம். விலை 7,00,000 ரூபாய். மேடும் பள்ளமுமான சாலையில் காலை, மாலை இரு வேளையும் ஓடும் வண்டி நான்கு ஆண்டு தாங்கும். அதன்பின் விற்றால் 2,00,000 ரூபாய் கிடைக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆகவே நான்கு ஆண்டில் தேய்ந்து மறைவது 5,00,000 ரூபாய். நிதியில் சேர வேண்டியதும் அவ்வளவே. முதலீட்டில் ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒரே ஒரு ரூபாய் போட்டுவந்தால் நான்காம் ஆண்டு முடிவில் எவ்வளவு இருக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். முதல் ஆண்டு முடிவில் போட்ட ரூபாய் மூன்று ஆண்டு வளர்ந்து 1.157625 ஆகும். இரண்டாவது ரூபாய் இரண்டு ஆண்டு வளர்ந்து 1.1025 ஆகும். மூன்றாவது ஓர் ஆண்டில் 1.05 ஆகும். நான்காவது அன்றுதான் போடப்படுவதால் ஒரு ரூபாயாகவே நிற்கும். கூட்டினால் 4.310125 ரூபாய். ஆண்டுக்கு ஒரு ரூபாய் போட்டால் இவ்வளவு சேரும் என்றால், 5,00,000 சேர என்ன போட வேண்டும்? 5,00,000-ஐ 4.310125-ஆல் வகுத்தால் 1,16,006 ரூபாய் வருகிறது. பாடநூல்களின் இறுதியில் இருக்கும் மூழ்கு நிதி அட்டவணையில் 5 விழுக்காடு, 4 ஆண்டு என்ற கட்டத்தில் காணும் 0.232012 என்ற எண் இதே கணக்கின் மறுபக்கம்தான். ஒரு ரூபாய் சேர ஆண்டுதோறும் போட வேண்டிய தொகை அது. அதை 5,00,000-ஆல் பெருக்கினாலும் 1,16,006 கிடைக்கும்.

வட்டியையே எண்ணாமல் நேர்கோட்டு முறையில் பிரித்தால் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் தேய்மானம் எழுத வேண்டியிருக்கும். இங்கே ஏறத்தாழ 9,000 ரூபாய் குறைவு. அந்தக் குறைவை வட்டி நிரப்பும். நான்கு ஆண்டு என்பதால் வேறுபாடு சிறிதாகத் தெரிகிறது. இதே 5,00,000 ரூபாயை இருபது ஆண்டில் சேர்க்க வேண்டுமானால் 5 விழுக்காட்டில் ஆண்டுத் தவணை 15,121 ரூபாய் போதும். நேர்கோட்டில் அது 25,000. இருபது ஆண்டில் நிறுவனம் போடுவது மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். மீதி இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகையை வட்டியே கொண்டுவரும். நீண்ட காலச் சொத்துகளுக்கு இந்த முறை கவர்ச்சியாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அது பெரிதும் சறுக்குவதும் அங்கேதான் என்பது பின்னால் தெரியவரும்.

இனி கணக்கேடு. முதல் ஆண்டு முடிவில் இரண்டு பதிவுகள். தேய்மானக் கணக்கில் 1,16,006 பற்று, தேய்மான நிதிக் கணக்கில் வரவு. அதே நாளில் தேய்மான நிதி முதலீட்டுக் கணக்கில் 1,16,006 பற்று, வங்கிக் கணக்கில் வரவு. தேய்மானக் கணக்கு வழக்கம்போல இலாப நட்டக் கணக்குக்குப் போய் முடியும். வண்டியின் கணக்கைத் தொடக்கூடாது. இருப்புநிலைக் குறிப்பில் வண்டி தன் முழு விலையான 7,00,000 ரூபாயிலேயே நிற்கும். பொறுப்புகள் பக்கத்தில் தேய்மான நிதியும், சொத்துகள் பக்கத்தில் அதற்கான முதலீடும் எதிரெதிரே தெரியும். பழக்கமில்லாதவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். மூன்று ஆண்டு ஓடிய வண்டி புது விலையில் நிற்கலாமா என்று கேட்பார்கள். தேய்ந்த அளவு நிதிக் கணக்கில் தனியே காட்டப்படுவதால் உண்மை மறையவில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் வட்டி நுழைகிறது. 1,16,006 ரூபாய்க்கு 5 விழுக்காடு 5,800 ரூபாய். வங்கிக் கணக்கில் பற்று வைத்து, வட்டிக் கணக்கில் வரவு வைத்து, அந்த வட்டிக் கணக்கைத் தேய்மான நிதிக் கணக்குக்கு மாற்றி முடிக்க வேண்டும். ஆண்டுத் தவணை 1,16,006 வழக்கம்போல இலாப நட்டக் கணக்கிலிருந்து வரும். இரண்டும் சேர்ந்த 1,21,806 ரூபாய் அந்த ஆண்டு முதலீடு ஆகும். நிதியில் இப்போது 2,37,812 ரூபாய். மூன்றாம் ஆண்டில் வட்டி 11,891. தவணையுடன் சேர்ந்து 1,27,897 முதலீடாகி, நிதி 3,65,709-ஐத் தொடும். நான்காம் ஆண்டில் வட்டி 18,285. தவணையும் சேர 1,34,291 ரூபாய். நிதி 5,00,000 ரூபாயில் போய் நிற்கிறது. நான்கு தவணைகளின் கூட்டு 4,64,024, வட்டி 35,976.

இலாப நட்டக் கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் அதே 1,16,006 ரூபாய்தான் விழுகிறது. நிதியின் வளர்ச்சி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. அந்தக் கூடுதலை முழுதும் வட்டி தருகிறது.

நான்காம் ஆண்டின் 1,34,291 ரூபாயை முதலீடு செய்வதில்லை. மறுநாளே வண்டி வாங்கப் பணம் வேண்டும் என்பதால் அது வங்கியிலேயே இருக்கும். ஆகவே கடைசி ஆண்டில் முதலீட்டுக் கணக்கு 3,65,709-இல் நிற்க, நிதிக் கணக்கு 5,00,000 காட்டும். மற்ற எல்லா ஆண்டுகளிலும் ஆண்டு முடிவில் இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இதுவே இந்த முறையின் உரைகல். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். வங்கி வட்டி வந்ததும் வழக்கத்தில் அதை மற்ற வருமானங்களோடு சேர்த்து இலாப நட்டக் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு இலாபம் சற்றுப் பெரிதாகத் தெரியும், நிதி அதே அளவு குறையும். மூன்றாண்டும் அப்படியே நடந்தால் முடிவில் நிதியில் 4,64,024 மட்டுமே இருக்கும். தவணையைக் கணக்கிட்டபோதே வட்டி சேரும் என்று நம்பித்தான் 1,25,000-ஐ 1,16,006 ஆகக் குறைத்தோம். வட்டியை வேறு பக்கம் திருப்பினால் அந்தக் குறைப்புக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது.

நான்காம் ஆண்டு முடிவில் முதலீட்டை விற்க வேண்டும். அந்தப் பணம் அரசுக் கடன் பத்திரங்களில் இருந்தது என்று வைத்துக்கொண்டால், 3,65,709 ரூபாய்க்கு வாங்கியவை சந்தையில் 3,60,000-க்கு மட்டுமே போகின்றன. 5,709 ரூபாய் நட்டம் தேய்மான நிதிக் கணக்கில் பற்றாகும். நிதி 4,94,291 ஆகக் குறையும். அந்த நிதியை இப்போது வண்டிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். வண்டியின் 7,00,000-இல் அதைக் கழித்தால் 2,05,709 மீதி. பழைய வண்டி எதிர்பார்த்த 2,00,000-க்குப் பதில் 1,90,000 ரூபாய்க்கு விலைபோனால், 15,709 ரூபாய் நட்டமாக இலாப நட்டக் கணக்குக்குச் செல்லும். பணத்தை எண்ணிப் பார்த்தாலும் அதே தொகைதான் குறைகிறது. பத்திரம் விற்ற 3,60,000, வங்கியில் இருந்த 1,34,291, பழைய வண்டியின் 1,90,000 ஆக 6,84,291. ஏழு லட்சத்துக்கு 15,709 போதவில்லை. கணக்கேட்டில் வரும் நட்டமும் கைப்பணத்தில் தெரியும் குறையும் இப்படி ரூபாய் சுத்தமாகப் பொருந்துவது இந்த முறையின் அழகு. பணத்தை வெளியே ஒதுக்காத தேய்மான முறைகளில் இதைக் காண முடியாது.

பத்திரங்கள் ஏன் குறைந்து விற்றன என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டில் வட்டி விகிதம் ஏறினால், முன்பு குறைந்த வட்டிக்கு வெளியிட்ட பத்திரங்களை யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள். நிதிக்குப் புதிதாக வரும் வட்டி கூடும், கையில் இருக்கும் பத்திரத்தின் விலை குறையும். இதைத் தவிர்க்க எளிய வழி, முதிர்வு நாளைச் சொத்தின் ஆயுளோடு பொருத்துவது. முதல் தவணையை மூன்றாண்டு வைப்பிலும், இரண்டாவதை இரண்டாண்டு வைப்பிலும், மூன்றாவதை ஓராண்டு வைப்பிலும் போட்டால் மூன்றும் ஒரே நாளில் முதிரும். எதையும் சந்தையில் விற்க வேண்டியதில்லை. இவ்வளவு எளிதான ஏற்பாட்டைக்கூடப் பலர் செய்யாமல் விடுவது வருத்தத்துக்குரியது.

இனி வட்டி விகிதம். நிதியின் கணக்கு முழுவதும் ஒரு கணிப்பின் மேல் நிற்கிறது. நான்கு ஆண்டில் 5 விழுக்காடு 4 ஆகக் குறைந்தால் சில ஆயிரம் ரூபாய்தான் குறையும். இருபது ஆண்டுத் திட்டத்தில் அப்படியல்ல. 15,121 ரூபாயைத் தவறாமல் போட்டுவந்தும் வட்டி 4 விழுக்காடுதான் கிடைத்தது என்றால், முடிவில் சேர்வது 4,50,000 ரூபாய் அளவே. பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு விழுக்காடு என்பது காகிதத்தில் சிறியது, காலம் அதைப் பெரிதாக்கிவிடுகிறது. ஆகவே நீண்ட கால நிதிகளில் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, சேர்ந்திருப்பது எவ்வளவு, சேர வேண்டியிருந்தது எவ்வளவு என்று ஒப்பிட்டு மீதி ஆண்டுகளின் தவணையைத் திருத்த வேண்டும். குறை தொடக்கத்திலேயே தெரிந்தால் சிறு திருத்தம் போதும். பதினெட்டாம் ஆண்டில் தெரிந்தால் பெருந்தொகை கட்ட வேண்டும்.

வரியையும் மறந்துவிடக்கூடாது. வைப்புக்கு வங்கி 7 விழுக்காடு தருகிறது என்று 7-ஐ வைத்தே தவணை கணக்கிடுவார்கள். வட்டி நிறுவனத்தின் வருமானம் என்பதால் அதற்கு வரி உண்டு. வரி 30 விழுக்காடு என்றால் நிதியில் உண்மையில் சேர்வது 4.9 விழுக்காடுதான். அட்டவணையில் பார்க்க வேண்டிய கட்டம் 7 அல்ல, 5.

வட்டியை உயர்த்திக்கொள்ள ஆசைப்பட்டு முதலீட்டின் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது இன்னும் மோசமானது. சிங்கப்பூரின் நகர மன்றங்கள் அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கி மாற்றுவது, கூரை புதுப்பிப்பது போன்ற பெரும் வேலைகளுக்கு மூழ்கு நிதி வைத்திருக்கின்றன. 2008-இல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தபோது, சில நகர மன்றங்களின் நிதியில் ஒரு பகுதி அந்த வீழ்ச்சியில் சிக்கிய கட்டமைக்கப்பட்ட முதலீட்டுப் பத்திரங்களில் இருந்தது தெரியவந்தது. மக்கள் கட்டிய பராமரிப்புக் கட்டணம் எப்படி அங்கே போனது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. இந்த நிதிக்குப் பணம் தேவைப்படும் நாள் முன்பே தெரியும். அந்த நாளில் விலை இறங்கியிருந்தால் ஏறும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே இறங்கக்கூடிய எதிலும் அதைப் போடுவது தவறு.

நிதியில் கைவைப்பது வேறொரு கேடு. பிரிட்டன் தன் தேசியக் கடனை அடைக்க 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூழ்கு நிதி என்ற பெயரில் ஒரு நிதியை ஏற்படுத்தியது. கூட்டு வட்டியின் அதே கணக்குத்தான் அதற்கும் அடிப்படை. 1733-இல் நிலவரியை உயர்த்த விரும்பாத பிரதமர் ராபர்ட் வால்போல் அந்த நிதியிலிருந்து 5 லட்சம் பவுனை அன்றாட அரசுச் செலவுக்கு எடுத்தார். 1786-இல் பிரதமர் இளைய வில்லியம் பிட் ஆண்டுக்குப் பத்து லட்சம் பவுன் ஒதுக்கி, யாரும் தொடாதபடி தனி ஆணையர்களிடம் ஒப்படைத்தார். பிறகு பிரான்சுடன் போர் மூண்டது. அரசு ஒரு கையால் புதுக் கடன் வாங்கி, மறு கையால் நிதிக்குக் கட்டிவந்தது. உபரி இல்லாமல், கடன் வாங்கி நிதி சேர்ப்பதால் கடன் குறையாது என்று 1813-இல் ஸ்காட்லாந்தின் கணித அறிஞர் ராபர்ட் ஹாமில்டன் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஹாமில்டன் சொன்னது நாட்டுக் கடனைப் பற்றி. பால் கொள்முதல் நிலையத்துக்கும் அது பொருந்தும். நடைமுறைச் செலவுக்கு வங்கியில் 11 விழுக்காட்டில் கடன் வைத்துக்கொண்டு, 5 விழுக்காட்டில் தேய்மான நிதியை முதலீடு செய்தால், வைத்திருக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஆண்டுக்கு ஆறு ரூபாய் இழப்பு. அத்தகைய நிறுவனம் தவணைப் பணத்தால் கடனைக் குறைத்துக்கொண்டு, வண்டி வாங்கும்போது மறுபடி கடன் பெறுவதே இலாபம். ஆனால் வண்டி வாங்கும் நாளில் வங்கி கடன் தருமா என்பது உறுதியில்லை. கடன் கிடைப்பது அரிதான சிறு நிறுவனங்களுக்கு அந்த ஆறு ரூபாய், உறுதிக்குக் கொடுக்கும் விலை. எது சரி என்பதை அந்தந்த நிறுவனத்தின் கடன் வசதிதான் தீர்மானிக்கும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒரு குறை மிஞ்சும். நிதி, பழைய வண்டியின் விலையைத்தான் திரும்பச் சேர்க்கிறது. வாங்கப்போவது புது வண்டி. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 7,00,000 ரூபாய் வண்டி நான்கு ஆண்டில் சுமார் 8,83,700 ஆகியிருக்கும். நிதியின் 5,00,000-உம் பழைய வண்டியின் 2,00,000-உம் சேர்ந்தாலும் 1,83,700 ரூபாய் குறைகிறது. பாடநூல்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோகின்றன. மாற்றுச் சொத்து வாங்குவதற்காகவே ஏற்பட்ட முறை என்பதால் இங்கே நின்று பார்ப்பதுதான் நியாயம்.

தீர்வு, தேவைப்படும் தொகையை இரண்டாகப் பிரிப்பது. புது விலையில் பழைய வண்டி தரக்கூடிய 2,00,000 போக 6,83,700 ரூபாய் வேண்டும். அதை 0.232012-ஆல் பெருக்கினால் ஆண்டுத் தவணை சுமார் 1,58,600. இதில் 1,16,006 தேய்மானம், அது இலாபம் கணக்கிடும் முன்பே கழிக்கப்படும். மீதி சுமார் 42,600 ரூபாயைத் தேய்மானம் என்று எழுதக்கூடாது. 5,00,000 தேயும் சொத்துக்கு அதற்கு மேல் தேய்மானம் எழுத முடியாது. அது இலாபத்திலிருந்து ஒதுக்கும் காப்பு. இலாபத்தைக் கண்டபின் அதிலிருந்து எடுத்து மாற்றுச் சொத்துக் காப்பு என்ற தனிக் கணக்கில் வைத்து, அதற்கீடான பணத்தையும் முதலீட்டோடு சேர்க்க வேண்டும். நட்டம் வந்த ஆண்டில் தேய்மானத்தை எழுதியே தீர வேண்டும், இந்த ஒதுக்கீட்டை மட்டும் தள்ளிப்போடலாம்.

இன்றைய நிறுமக் கணக்குகளில் இந்த முறை அபூர்வம். இந்தியக் கணக்கியல் தரநிலைகள் சொத்தின் பயன் எப்படிக் கரைகிறதோ அப்படித் தேய்மானம் எழுதச் சொல்கின்றன. நேர்கோட்டு முறை, குறைந்துசெல் இருப்பு முறை, உற்பத்தி அலகு முறை ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளாகத் தருகின்றன. முதலீட்டில் கிடைக்கும் வட்டிக்கும் வண்டி தேய்வதற்கும் தொடர்பில்லை என்பதால் தேய்மானத்தை வட்டியை வைத்துக் கணக்கிடுவதற்கு அங்கே இடமில்லை. வட்டியைச் சேர்க்காமல் தேய்மானம் எழுதிக்கொண்டு, நிதியைத் தனியாகக் கட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

இலாபம் நோக்கமாக இல்லாத அமைப்புகளில் நிதி இன்றும் உயிரோடிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள், நிலத்தின் விலை நீங்கலாக ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 விழுக்காட்டை உறுப்பினர்கள் மூழ்கு நிதிக்குக் கட்ட வேண்டும் என்கின்றன. 20 லட்சம் ரூபாயில் கட்டிய வீட்டுக்கு அது ஆண்டுக்கு 5,000 ரூபாய். 5 விழுக்காட்டு வட்டியில் இருபது ஆண்டு கழித்து அந்த வீட்டின் பங்காக நிதியில் சுமார் 1,65,000 ரூபாய் இருக்கும். கட்டுமானச் செலவில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. மின்தூக்கியும் நீர்க்குழாய்களும் மாற்ற உதவும், கட்டடத்தைப் புதிதாக எழுப்ப உதவாது. துணைவிதி சொல்வது குறைந்தபட்சம் மட்டுமே. எந்த ஆண்டில் எதை மாற்ற வேண்டும், அப்போது அதன் விலை என்னவாக இருக்கும் என்று பொறியாளரிடம் பட்டியல் வாங்கி, 4.310125 கண்ட அதே வழியில் ஒவ்வொன்றுக்கும் தவணை கண்டு கூட்டும் சங்கத்துக்கு, பொதுக்குழுவில் 0.25-க்கு மேல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பது எண்ணாகவே கிடைத்துவிடும்.